செயப்பாட்டுவினை, அயற்கூற்று: விடைத்தாளில் தெரியும் பிழையும் அதன் காரணமும்

தொடர் மாற்ற வினாக்களில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது தொடரின் கடைசிச் சொல்லில்தான். எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றிவிடுவார்கள், மேற்கோள் குறியையும் மறக்காமல் எடுத்துவிடுவார்கள். பயனிலை மட்டும் பழைய தொடரில் இருந்தபடியே நிற்கும், அல்லது பாதி மாறி நிற்கும். அதனால் விடையைத் திருத்தும்போது கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். அது எப்படிப் பிழைத்திருக்கிறது என்று பார்த்தாலே பிள்ளைக்கு எது புரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் விடைத்தாளில் கண்ணில் படும் ஒரு பிழை. உங்கள் பிள்ளையின் விடை எதோடு ஒத்துப்போகிறதோ அங்கே நேராகப் போகலாம்.

‘பாடம் கண்ணனால் படித்தது’

வினா: கண்ணன் பாடத்தைப் படித்தான். இதைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக.

பிள்ளை ‘ஆல்’ சேர்த்திருக்கிறது, ‘ஐ’ உருபை நீக்கியிருக்கிறது, எழுவாய் மாறியதற்கேற்ப ‘படித்தான்’ என்பதைப் ‘படித்தது’ என்றும் ஆக்கியிருக்கிறது. மூன்றும் சரி. ஆனால் வினை இன்னும் செய்வினையாகவே இருக்கிறது. இப்படி எழுதினால் பாடமே உட்கார்ந்து படித்தது என்று பொருள்படும்.

காரணம், மாற்றத்தை வெறும் இடமாற்றமாக மட்டும் கற்றிருப்பது. வினையில் நடக்க வேண்டிய வேலையைத் தனியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள். முதலில் ‘எதை? யாரை?’ என்று கேட்டுக் கிடைக்கும் சொல்லிலிருந்து ‘ஐ’யை எடுத்துத் தொடரின் முதலில் வைக்க வேண்டும்: பாடம். அடுத்து, செய்தவர் பெயரோடு ‘ஆல்’: கண்ணனால். மூன்றாவதாக, வினையைச் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சமாக்க வேண்டும்: படிக்க. நான்காவதாக, அதனோடு ‘படு’ என்ற துணைவினையைப் பழைய வினையின் காலத்திலேயே சேர்க்க வேண்டும்: படிக்கப்பட்டது. கடைசி இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் பிள்ளைகள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதனால் தொடக்கத்தில் ‘படிக்க + பட்டது’ என்று கூட்டல் குறியோடு எழுதச் சொல்லிவிட்டு, பிறகு சேர்க்கச் சொல்வது நல்லது.

‘ஆல்’ சேர்ப்பதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. நான் என்பது ‘நானால்’ ஆகாது, ‘என்னால்’ ஆகும். நாம் என்பது ‘நம்மால்’, நாங்கள் என்பது ‘எங்களால்’.

‘வரைக்கப்பட்டது’, ‘நடக்கப்பட்டது’, ‘விற்றப்பட்டது’, ‘எழுதபட்டது’

முறை தெரிந்திருக்கிறது, எச்சம்தான் தவறு. ‘படிக்கப்பட்டது’ என்று கற்ற பிள்ளை எல்லா வினையிலும் ‘க்க’ போட்டுவிடும். ‘விற்றான்’ என்ற இறந்தகால வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்ட பிள்ளை ‘விற்றப்பட்டது’ என்று எழுதும்.

எந்த வினைக்குக் ‘க்க’ வரும், எதற்கு வராது என்று விதி சொல்லி இந்த வயதில் மனப்பாடம் செய்யவைக்கத் தேவையில்லை. பிள்ளையின் வாயிலேயே விடை இருக்கிறது. வினைக்குப் பின் ‘வேண்டும்’ சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ‘வேண்டும்’ என்பதற்கு முன்னால் என்ன வருகிறதோ அதுதான் நமக்கு வேண்டிய எச்சம். படத்தை வரைய வேண்டும்: வரையப்பட்டது. செடியை நட வேண்டும்: நடப்பட்டது. வீட்டை விற்க வேண்டும்: விற்கப்பட்டது. பரிசைத் தர வேண்டும்: தரப்பட்டது. கேள்வியைக் கேட்க வேண்டும்: கேட்கப்பட்டது. ‘வேண்டும்’ என்பது நாவில் வராத பிள்ளை ‘வரையணும், நடணும், விற்கணும்’ என்று பேச்சுவழக்கிலேயே சொல்லட்டும். ‘ணும்’ போனால் மிச்சம் எச்சம்.

இந்தச் சோதனையில் ஒரு நிபந்தனையை விடக்கூடாது. ‘ஐ’ உருபு ஏற்ற சொல்லையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெறுமனே ‘முறி’ என்று கொடுத்தால் ஒரு பிள்ளை ‘முறிய வேண்டும்’ என்று சொல்லி ‘முறியப்பட்டது’ என்று எழுதிவிடும். ‘கிளையை’ என்று தொடங்கச் சொன்னால் ‘முறிக்க வேண்டும்’ என்பது தானாக வரும்.

‘எழுதபட்டது’ என்பது வேறு வகை. அங்கே எச்சம் சரி, ஒற்றுதான் விடுபட்டிருக்கிறது. ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்தின் பின் வல்லினம் மிகும். ஆகவே எழுதப்பட்டது, எழுதப்படுகிறது, எழுதப்படும் என மூன்று காலத்திலும் ‘ப்’ வரும். இதை இலக்கணம் தெரியாத பிழையாக எண்ணி முழு மதிப்பெண்ணையும் குறைக்காமல் ஒற்றுப்பிழையாகக் கணக்கிடுவதே நியாயம்.

‘பழங்கள் பறிக்கப்பட்டது’, ‘நான் ஆசிரியரால் அழைக்கப்பட்டார்’

எச்சம் வரை எல்லாம் சரி, விகுதி பொருந்தவில்லை. புதிய எழுவாய் எதுவோ அதற்கேற்ப விகுதி மாற வேண்டும். ‘ஆசிரியர் என்னை அழைத்தார்’ என்ற தொடரில் ‘அழைத்தார்’ என்பதைப் பார்த்துக்கொண்டே எழுதியதால் ‘அழைக்கப்பட்டார்’ வந்துவிட்டது. ‘என்னை’ என்பது எழுவாயாகும்போது ‘நான்’ ஆகிறது. எனவே ‘நான் ஆசிரியரால் அழைக்கப்பட்டேன்.’

அஃறிணையில் குழப்பம் பன்மையில்தான். கீழே உள்ளது ‘படு’ என்ற துணைவினையின் வடிவங்கள்.

| எழுவாய் | இறந்தகாலம் | நிகழ்காலம் | எதிர்காலம் |
|---|---|---|---|
| பழம் | பட்டது | படுகிறது | படும் |
| பழங்கள் | பட்டன | படுகின்றன | படும் |
| அவர்கள் | பட்டனர் | படுகின்றனர் | படுவர் |
| நான் | பட்டேன் | படுகிறேன் | படுவேன் |

எதிர்காலத்தில் அஃறிணை ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம்தான். ‘பழங்கள் பறிக்கப்படுவன’ என்று எழுதத் தேவையில்லை. ‘பழங்கள் பறிக்கப்பட்டது’ என்பது நாளிதழிலும் அறிவிப்புப் பலகையிலும் கண்ணில் படுவதுதான் என்றாலும் தேர்வுத்தாளில் அது ஒருமை பன்மைப் பிழையே.

‘கிளை காற்றால் முறிந்தது’

திருத்துபவரையே தயங்கவைக்கும் விடை இது. வினா: காற்று கிளையை முறித்தது. பிள்ளை எழுதிய விடை நல்ல தமிழ்த் தொடர். பொருளும் ஏறக்குறைய அதேதான். ‘ஆல்’ கூட இருக்கிறது. ஆனாலும் அது செயப்பாட்டுவினை அல்ல.

‘முறிந்தது’ என்பது தன்வினை. கிளை தானே முறிந்தது, காற்று அதற்குக் காரணம் என்பதுதான் அதன் பொருள். அங்குள்ள ‘ஆல்’ காரணத்தைக் காட்டுகிறது, செய்தவரை அல்ல. செயப்பாட்டுவினையில் செய்தவர் ஒருவர் இருப்பார், எழுவாய் அந்தச் செயலுக்கு உள்ளாகும். எனவே விடை: கிளை காற்றால் முறிக்கப்பட்டது.

தமிழில் இப்படி இணையாக வரும் வினைகள் நிறைய: உடைந்தது, உடைத்தான்; உருண்டது, உருட்டினான்; திருந்தினான், திருத்தினான்; கலைந்தது, கலைத்தான். இவற்றைக் கொண்ட தொடர்களில்தான் இந்தப் பிழை வரும். ‘பாடம்’, ‘கடிதம்’ என்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தால் இது வெளியே தெரியவே தெரியாது. ஒரு பயிற்சித் தாளில் இத்தகைய வினை குறைந்தது இரண்டாவது இருக்கட்டும்.

எப்படிச் சோதிப்பது? விடையில் ‘பட்’ அல்லது ‘படு’ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். பள்ளித் தேர்வுக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, ‘பட்டான்’ என்று முடியும் எல்லாமே செயப்பாட்டுவினை என்று பிள்ளை முடிவுகட்டிவிடும் ஆபத்தும் உண்டு. ‘கபிலன் ஊருக்குப் போக ஆசைப்பட்டான்’ என்பது செயப்பாட்டுவினை அல்ல. ‘பட்டான்’ என்பதை எடுத்துவிட்டால் எஞ்சி நிற்பது ‘ஆசை’ என்ற பெயர். எஞ்சுவது எழுத, அழைக்க, முறிக்க என்பதுபோல் வினையெச்சமாக இருந்தால் மட்டுமே செயப்பாட்டுவினை. வெட்கப்பட்டாள், துன்பப்பட்டார், பொறாமைப்பட்டனர் எல்லாம் ஆசைப்பட்டான் கூட்டத்தைச் சேர்ந்தவை.

மாற்ற முடியாத தொடரை மாற்றியிருப்பது, மாற்றக்கூடியதை விட்டிருப்பது

‘குழந்தை சிரித்தது’ என்பதற்கு ‘எதை? யாரை?’ என்று கேட்டால் விடை வராது. செயப்படுபொருள் இல்லாத தொடருக்குச் செயப்பாட்டுவினை கிடையாது. ‘குழந்தையால் சிரிக்கப்பட்டது’ என்று பிள்ளை எழுதினால் பாதிப் பழி வினாவை அமைத்தவருக்கு.

மறுபக்கம், ‘மீனா பூ பறித்தாள்’ என்ற தொடரில் ‘ஐ’ கண்ணுக்குத் தெரியாததால் மாற்ற முடியாது என்று விட்டுவிடும் பிள்ளைகளும் உண்டு. அங்கே உருபு மறைந்திருக்கிறது. எதைப் பறித்தாள் என்று கேட்டால் பூவை என்று விடை வரும். ஆகவே ‘பூ மீனாவால் பறிக்கப்பட்டது.’ உருபைத் தேடச் சொல்லாமல் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.

செயப்பாட்டிலிருந்து செய்வினைக்குத் திரும்பும் வினாக்களில் ‘கடிதம் அனுப்பப்பட்டது’ என்று மட்டும் கொடுத்தால் அனுப்பியவர் யார் என்று தெரியாது. பிள்ளை ஒரு பெயரைத் தானாகச் சேர்த்தால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. வினா அமைப்பவர் ‘ஆல்’ ஏற்ற சொல்லையும் தொடரில் வைத்துவிடுவது நல்லது.

‘கயல் அவள் உன் குடையை நாளை தருவதாகக் கூறினாள்’

இனி அயற்கூற்று. வினா இது: கயல் மாறனிடம், “நான் உன் குடையை நாளை தருவேன்” என்று கூறினாள்.

பிள்ளையின் விடையில் வினை சரியாக மாறியிருக்கிறது. ஆனால் ‘அவள்’ என்று எழுதியதால் குடையைத் தரப்போவது கயலா, வேறொரு பெண்ணா என்று தெரியவில்லை. ‘உன்’ அப்படியே நிற்கிறது. ‘நாளை’யும் நிற்கிறது. மாறன் பெயரோ காணாமலே போய்விட்டது.

சரிசெய்ய, எழுதத் தொடங்கும் முன் வினாத்தொடரின் மேலே பென்சிலால் இரண்டு பெயர்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: பேசியவர் கயல், கேட்டவர் மாறன். மேற்கோளுக்குள் வரும் நான், என், எனக்கு, என்னை எல்லாம் பேசியவரைச் சுட்டுபவை. இவை தான், தன், தனக்கு, தன்னை என்று மாறும். நாங்கள் என்பது தாங்கள் ஆகும். நீ, உன், உனக்கு எல்லாம் கேட்டவரைச் சுட்டுபவை. கேட்டவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா என்பதைப் பொறுத்து அவன், அவள், அவர், அவர்கள் என்று மாறும். இதன்படி:

கயல் மாறனிடம், தான் அவனுடைய குடையை மறுநாள் தருவதாகக் கூறினாள்.

இங்கே ‘மாறனிடம்’ என்பதையும் காற்புள்ளியையும் நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ‘கயல் தான் அவனுடைய’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணுக்கு அது ‘கயல்தான்’ என்று, வேறு யாருமில்லை கயலே என்ற பொருளில் படும். கேட்டவர் பெயர் இல்லாத தொடரில் ‘கயல், தான்’ என்று காற்புள்ளி கட்டாயம் வேண்டும்.

கேட்டவர் எழுதுபவராகவே இருக்கும் வினாக்கள் தடுமாறவைக்கும். அம்மா என்னிடம், “நீ நன்றாக எழுதினாய்” என்று கூறினார். நீ என்றால் அவன், அவள் என்று மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை ‘அவன் நன்றாக எழுதியதாக’ என்று எழுதும். கேட்டவர் ‘நான்’ என்று பென்சிலால் குறித்திருந்தால் விடை தானே வரும்: அம்மா என்னிடம், நான் நன்றாக எழுதியதாகக் கூறினார். அதுபோலவே பேசியவர் எழுதுபவராக இருந்தால் ‘தான்’ வராது. ‘நான் வருவதாகக் கூறினேன்’ என்பதே சரி.

காலம், இடம் காட்டும் சொற்களில் பிள்ளைகள் அதிகம் தவறுவதில்லை, மறந்துவிடுவதுதான் வழக்கம். இன்று அன்று ஆகும், நாளை மறுநாள் ஆகும், நேற்று முந்தைய நாள் ஆகும், இப்போது அப்போது ஆகும், இங்கே அங்கே ஆகும், இந்த என்பது அந்த ஆகும். சொன்ன நாளிலேயே எடுத்துச் சொன்னால் பேச்சில் ‘நாளை’ என்பதை மாற்றத் தேவையில்லைதான். ஆனால் எப்போது எடுத்துச் சொல்லப்படுகிறது என்று வினாத்தாள் சொல்லாதவரை மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

‘எழுதினதாக’, ‘வருகிறதாக’, ‘வருவதாக கூறினான்’

முதல் இரண்டும் பேச்சுவழக்கு எழுத்துக்குள் வந்தவை. இறந்தகாலத்துக்கு ஒரு எளிய வழி: வினைக்குப் பின் ‘பையன்’ சேர்த்துச் சொல்லுங்கள். எழுதிய பையன், வந்த பையன், ஓடிய பையன். அதிலிருந்து பையனை எடுத்து ‘தாக’ சேர்த்தால் எழுதியதாக, வந்ததாக, ஓடியதாக.

நிகழ்காலம் எழுத்துவழக்கில் எதிர்கால வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. வருகிறேன், வருவேன் இரண்டுமே ‘வருவதாக’ என்றுதான் ஆகும். படிக்கிறேன், படிப்பேன் இரண்டுமே ‘படிப்பதாக’. நேர்க்கூற்றிலிருந்து அயற்கூற்றுக்குப் போகும்போது இது வசதி. திரும்பி வரும்போது சிக்கல். ‘தான் படிப்பதாகக் கூறினான்’ என்பதை நேர்க்கூற்றாக்கச் சொன்னால் ‘படிக்கிறேன்’ என்று எழுதினாலும் ‘படிப்பேன்’ என்று எழுதினாலும் சரிதான். தொடரில் ‘மறுநாள்’ இருந்தால் எதிர்காலம், ‘அப்போது’ இருந்தால் நிகழ்காலம் என்று கொள்ளலாம். இரண்டும் இல்லையென்றால் இரு விடைகளுக்கும் மதிப்பெண் தர வேண்டும்.

மூன்றாவது ஒற்றுப்பிழை. ‘ஆக’ என்று முடிந்தால் பின்னால் வல்லினம் மிகும்: வருவதாகக் கூறினான். ‘என்று’ என்பதன் பின் மிகாது: என்று கூறினான்.

‘ஓடுமாறு கூறினார்’, ‘எப்போது வந்ததாகக் கேட்டார்?’

‘ஆக’ எல்லா இடத்திலும் பொருந்தாது. செய்தித் தொடருக்கு மட்டுமே அது. கட்டளைக்கு ‘மாறு’ அல்லது ‘படி’ வரும்: “அமைதியாகப் படியுங்கள்” என்று கூறினார் என்பது ‘அமைதியாகப் படிக்குமாறு கூறினார்’ ஆகும். விலக்கும் கட்டளையில் கவனம் தேவை. “ஓடாதீர்கள்” என்பதை ‘ஓடுமாறு’ என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும். ‘ஓடாதிருக்குமாறு கூறினார்’ என்றோ ‘ஓட வேண்டாம் என்று கூறினார்’ என்றோ எழுதலாம்.

வினாவில் ‘என்று’ அப்படியே நிற்கும். மாறுவது இடமும் விகுதியும். தாத்தா அமுதனிடம், “நீ எப்போது வந்தாய்?” என்று கேட்டார் என்பது, ‘அமுதன் எப்போது வந்தான் என்று தாத்தா அவனிடம் கேட்டார்’ ஆகும். வந்தாய் என்பது வந்தான் ஆனதைப் பிள்ளை கவனிக்கட்டும். வினாக்குறி போய்விடும், ஏனெனில் இப்போது யாரும் கேட்கவில்லை, கேட்டதைச் சொல்கிறோம். “வந்தாயா?” என்றிருந்தால் ‘வந்தானா என்று கேட்டார்’.

இரண்டும் ஒன்றாக வரும் வினா

அரிதாக ஒரே தொடரில் இரண்டு மாற்றங்களையும் கேட்பார்கள். ஆசிரியர், “நான் இந்தக் கட்டுரையை நேற்று எழுதினேன்” என்று கூறினார். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யவைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் எடுத்து வினையை மாற்றட்டும்: “இந்தக் கட்டுரை என்னால் நேற்று எழுதப்பட்டது.” அதன்பின் இதை அயற்கூற்றாக்கட்டும். பேசியவர் ஆசிரியர் என்பதால் ‘என்னால்’ என்பது மரியாதையோடு ‘தம்மால்’ ஆகிறது, ‘தன்னால்’ என்றாலும் தவறில்லை. இந்த என்பது அந்த, நேற்று என்பது முந்தைய நாள். எழுதப்பட்டது என்பதற்குப் பையன் சோதனை இங்கே பொருந்தாது; பையனுக்குப் பதில் கட்டுரையைச் சேர்த்தால் ‘எழுதப்பட்ட கட்டுரை’, அதிலிருந்து ‘எழுதப்பட்டதாக’.

ஆசிரியர், அந்தக் கட்டுரை தம்மால் முந்தைய நாள் எழுதப்பட்டதாகக் கூறினார்.